கிளிக் சத்தம் வந்தால் போதுமா?

ஷிப்ட் தொடங்கும் முன் தொழிலாளர்களை நிற்கவைத்து சூப்பர்வைசர் பத்து நிமிடம் பேசுவதற்கு 'டூல்பாக்ஸ் டாக்' என்று பெயர். ஹெல்மெட், கையுறை பற்றிய பேச்சுக்குத் தலையாட்டுகிறவர்கள், கேலிபரேஷன் ஸ்டிக்கர் என்றதும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். ஆடிட்டுக்காக ஒட்டுகிற காகிதம்தானே என்ற எண்ணம்.

போல்ட்டை முறுக்கும் டார்க் ரெஞ்சையே எடுத்துக்கொள்வோம். 100 நியூட்டன் மீட்டர் என்று செட் செய்தால், அந்த விசை வந்ததும் 'கிளிக்' என்று சத்தம் தரும். உள்ளே இருப்பது ஒரு ஸ்பிரிங். நாள்பட அது தளரும், உரசும் பாகங்கள் தேயும். பிறகு 90-லேயே கிளிக் வரலாம்.

"சத்தம் சரியாத்தானே சார் வருது?" என்று கேட்காத தொழிலாளி இல்லை. "சத்தம் வரும்பா. எத்தனைல வருதுங்கறதுதான் கேள்வி" என்பதே அதற்குப் பதில். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். கேலிபரேஷன் மேடையில் மாட்டினால்தான் வித்தியாசம் தெரியும். இத்தகைய ரெஞ்சுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 6789 தரம் பொதுவாக அனுமதிக்கும் பிழை 4 சதவீதம். அதாவது 96-க்கும் 104-க்கும் இடையே இருக்க வேண்டும். 90 என்றால் ஃபெயில்.

ஸ்டிக்கரில் ரெஞ்சின் எண், கேலிபரேட் செய்த தேதி, அடுத்த கெடு தேதி ஆகியவை இருக்கும். எல்லோரும் கெடுவை மட்டும் பார்ப்பார்கள். உண்மையில் முதல் தேதிதான் வயிற்றில் புளியைக் கரைப்பது. ரெஞ்ச் ஃபெயில் ஆனால், அது எந்த நாளில் கெட்டது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அந்த முதல் தேதியிலிருந்து முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டும் சந்தேகத்துக்குரியதே.

கணக்கு இதோ. கம்பெனி தனக்கென்று ஒரு கால அளவை வகுக்காவிட்டால், 12 மாதம் அல்லது 5,000 முறுக்கு, எது முந்தியோ அதுவே கெடு என்கிறது அதே தரம். தினமும் 100 போல்ட் முறுக்கும் லைனில் 5,000 என்பது 50 வேலை நாளில் தீர்ந்துவிடும். ஸ்டிக்கரில் ஒரு வருடம் போட்டுவிட்டு அப்படியே ஓட்டினால், 300 வேலை நாளில் 30,000 போல்ட்! வருடக் கடைசியில் ரெஞ்ச் ஃபெயில் ஆனால் அத்தனையையும் தேட வேண்டும். பாதி லாரியேறி எங்கோ போயிருக்கும்.

இதனால்தான் அதிகம் உழைக்கும் ரெஞ்சுக்கு நெருக்கமான தேதி போடுகிறார்கள். பக்கத்து ஸ்டேஷன் ரெஞ்சுக்கு ஆறு மாதம், எனக்கு மட்டும் ஏன் இரண்டு என்று கோபிப்பதில் நியாயமில்லை.

ஸ்டிக்கரால் சொல்ல முடியாத ஒன்றும் உண்டு. ரெஞ்ச் நேற்றுக் கீழே விழுந்தது அதற்குத் தெரியாது. தெரிந்தவர் கையிலிருந்து நழுவவிட்டவர் மட்டுமே. திட்டு விழுமே என்று பயந்து மறைத்தால், கெடு இன்னும் நாலு மாதம் இருந்தாலும் அந்தத் தேதிக்கு மதிப்பில்லை. அதனால் விழுந்த ரெஞ்சை உடனே தனியே வைத்து, தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் சொல்லிவிடுங்கள். சூப்பர்வைசர்களே, சொன்னவரைத் திட்டாதீர்கள்.