டாலர் முழுசா வந்தாச்சு... ஆனா ரூபாயில் 50,000 குறைவு! ஏற்றுமதி பில்லில் நடப்பது என்ன?

வடசென்னையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் முதல் எண்ணூர் காமராஜர் துறைமுகம் வரை, ஏற்றுமதியை நம்பி இயங்கும் நிறுவனங்கள் ஏராளம். இவர்களில் பலர் பில் போடுவது டாலரில். ஆனால் கூலி, கரண்ட் பில், லாரி வாடகை எல்லாம் ரூபாயில். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ‘மாற்று விகித வேறுபாடு’ வந்து உட்காருகிறது.

2025-ம் ஆண்டின் முதல் சில மாதங்கள் இதற்கு நல்ல உதாரணம். பிப்ரவரியில் ஒரு டாலரின் மதிப்பு 87 ரூபாயைச் சுற்றி இருந்தது. மார்ச் இறுதியில் 85.50-க்கு அருகே இறங்கியது. மே தொடக்கத்தில் 84 ரூபாய் வரை வந்தது. ரூபாய் வலுவானது பலருக்கு நல்ல செய்தி. பிப்ரவரியில் சரக்கு அனுப்பிவிட்டுப் பணத்துக்காகக் காத்திருந்தவர்களுக்கு அப்படி இல்லை.

கணக்கு எப்படி?

திருவொற்றியூரில் இயந்திர பாகங்கள் செய்யும் ஒரு சிறு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரியில் 20,000 டாலருக்கு பில் போட்டு, கண்டெய்னரை அனுப்பிவிட்டது. அன்றைய விகிதம் 87 ரூபாய். எனவே கணக்குப் புத்தகத்தில் விற்பனை 17,40,000 ரூபாய் என்று பதிவாகிறது.

மார்ச் 31 அன்று நிதியாண்டு முடிகிறது. பணம் இன்னும் வரவில்லை. வர வேண்டிய டாலரை அன்றைய விகிதத்தில் மறுபடி மதிப்பிட வேண்டும் என்பது கணக்கியல் விதி. 85.50 ரூபாய் வீதம் பார்த்தால் 17,10,000. ஒரு டாலர்கூட கைக்கு வராமலேயே அந்த நிதியாண்டில் 30,000 ரூபாய் நஷ்டம் எழுதப்படுகிறது.

மே மாதம் பணம் வருகிறது. வங்கி தரும் விகிதம் 84.50. கிடைப்பது 16,90,000 ரூபாய். மார்ச் 31 மதிப்பிலிருந்து இன்னும் 20,000 குறைவு. இது புதிய நிதியாண்டின் நஷ்டம். மொத்தம் 50,000 ரூபாய் போச்சு.

அப்போ பில்லை மாற்றணுமா?

தேவையில்லை. வாங்கியவர் பேசிய 20,000 டாலரையும் கொடுத்துவிட்டார். அவர் தள்ளுபடி எதுவும் கேட்கவில்லை. அதனால் விற்பனைத் தொகையைக் குறைக்கவும் கூடாது, கிரெடிட் நோட் போடவும் கூடாது. விற்பனை 17,40,000 ஆகவே இருக்கும். வித்தியாசம் மட்டும் லாப நஷ்டக் கணக்கில் தனி வரியாகப் போகும்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். வங்கியில் வந்த தொகையையே விற்பனை என்று எழுதிவிட்டால், கணக்குப் புத்தகத்துக்கும் ஜிஎஸ்டி தாக்கலுக்கும் இடையே தொகை ஒத்துப்போகாது. இன்னொன்று: ஏற்றுமதி ஆவணமான ஷிப்பிங் பில்லில் இருக்கும் ரூபாய் மதிப்பு சுங்கத்துறை அறிவிக்கும் விகிதத்தில் போடப்படுவது. வங்கி பணத்தை மாற்றித் தரும் விகிதம் வேறு. இரண்டும் ஒன்றாக இருக்காது.

டாலரே குறைந்து வந்தால்?

அது வேறு கதை. இதே நிறுவனத்துக்கு 20,000-க்குப் பதிலாக 19,960 டாலர்தான் வந்தது என்றால், அந்த 40 டாலரை நடுவில் இருக்கும் வெளிநாட்டு வங்கி கட்டணமாகப் பிடித்திருக்கலாம். 84.50 ரூபாய் வீதம் 3,380 ரூபாய். இது வங்கிக் கட்டணச் செலவு. மாற்று விகித நஷ்டத்தோடு இதைச் சேர்க்கக் கூடாது.

கண்டுபிடிப்பது சுலபம். வங்கி தரும் பண வரவுச் சான்றில் டாலர் தொகையை முதலில் பாருங்கள். டாலர் சரியாக இருந்து ரூபாய் மட்டும் மாறியிருந்தால் அது விகித வேறுபாடு. டாலரே குறைந்திருந்தால் அது கட்டணம் அல்லது வாங்கியவர் செய்த பிடித்தம்.

டிவியில் ஓடும் விகிதத்தை வைத்தும் கணக்குப் போட முடியாது. அது வங்கிகளுக்கு இடையிலான சந்தை விகிதம். ஏற்றுமதியாளரிடம் டாலர் வாங்கும்போது வங்கி அதைவிடச் சற்று குறைவாகத்தான் தரும்.

தப்பிக்க வழி உண்டா?

பில் போடும்போதே வங்கியிடம் ‘முன்பேர ஒப்பந்தம்’ செய்துகொள்ளலாம். மே மாதம் வரும் டாலரை இன்ன விகிதத்தில் எடுத்துக்கொள்கிறோம் என்று வங்கி இப்போதே ஒப்புக்கொள்ளும். டாலர் இறங்கினாலும் கவலை இல்லை. ஆனால் ஏறினால் அந்த லாபமும் கிடைக்காது. வெளிநாட்டு வாடிக்கையாளர் பணம் தரத் தாமதித்தாலும் ஒப்பந்தம் நிற்கும். அதை நீட்டிக்கவோ ரத்து செய்யவோ செலவு ஆகும்.

காற்று எதிர்ப்பக்கமும் அடிக்கும். அதே 2025 டிசம்பரில் டாலர் முதல்முறையாக 90 ரூபாயைத் தாண்டியது. மே மாதம் 85 ரூபாய் அளவில் பில் போட்டு, டிசம்பர் வரை பணம் வராமல் இருந்தவருக்கு ஒவ்வொரு டாலருக்கும் ஏறக்குறைய 5 ரூபாய் கூடுதல் வரவு. ஆனால் அதே ஆள் மூலப்பொருளை டாலர் கொடுத்து இறக்குமதி செய்பவராக இருந்தால், ஒரு கையில் வந்த லாபம் மறு கை வழியாக வெளியே போயிருக்கும்.