புள்ளி தொலைந்த நோட்டு

ஒரு பெண்மணி எனக்கு 64 பக்க பி.டி.எஃப். கோப்பு ஒன்றை அனுப்பியிருந்தார். அவருடைய அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் கல்யாணச் சமையல் மாஸ்டராக இருந்து மறைந்தவர். எத்தனை பேருக்கு எவ்வளவு அரிசி, பருப்பு, வெல்லம் என்று வருஷக்கணக்காக ஒரே நீள நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதைத் தட்டச்சு செய்து சிறு புத்தகமாக்கித் தரவேண்டும் என்பது மகளின் ஆசை. கையெழுத்துப் பிரதிகளைப் படித்து அச்சுக்குத் தயார் செய்வதுதான் என் பிழைப்பு. ஆனால் கோப்பைத் திறந்தால் பக்கங்கள் பளீரென்று வெள்ளையாக இருந்தன. அங்கங்கே எறும்பு ஊர்ந்ததுபோல் கறுப்புத் துணுக்குகள், நடுவில் தெளிவாக ‘சாம்பார்’ என்று ஒரு தலைப்பு, அதன் கீழே மறுபடி எறும்பு.

“தெரியலியா சார்? நோட்டுல நல்லாத்தானே தெரியுது?” என்று போனில் கேட்டார். அவர் சொன்னது உண்மைதான். நோட்டில் இருந்த எழுத்து கோப்பில் இல்லை. இடையில் அதை யார் அழித்தார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

படிப்பதற்கு முன்பே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோப்பின் மொத்த அளவு 2 எம்.பி.க்குச் சற்றே அதிகம். 64-ஆல் வகுத்தால் பக்கத்துக்கு 35 கே.பி.கூட வரவில்லை. ஒரு முழுப் பக்கத்தை ஒழுங்காகப் படமெடுத்தால் தாளின் நிறம், கறை, பென்சிலின் சாம்பல் எல்லாம் சேர்ந்து சாதாரணமாக ஓர் எம்.பி.யைத் தாண்டும். அவ்வளவையும் 35 கே.பி.க்குள் அடக்கவேண்டுமானால் பெரும்பகுதியைத் தூக்கி எறிந்தே ஆகவேண்டும்.

எறிந்தது ஸ்கேனர் ஆப்பின் ‘கறுப்பு வெள்ளை’ ஃபில்டர். கேமரா ஒவ்வொரு புள்ளியையும் முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளை வரை 256 படிகளில் ஏதோ ஒன்றில் பதிவு செய்கிறது. ஃபில்டர் நடுவில் ஒரு கோடு கிழித்து, அதற்கு மேலிருப்பதை எல்லாம் வெள்ளை என்றும் கீழிருப்பதைக் கறுப்பு என்றும் மாற்றிவிடும். ரேஷன் கார்டு, கடை பில் மாதிரி அழுத்தமான அச்சுக்கு இது நல்ல ஏற்பாடு. பழைய பென்சில் எழுத்தோ தாளைவிடக் கொஞ்சம்தான் இருட்டு. கோட்டுக்கு மேல் போய் வெள்ளையோடு வெள்ளையாகக் கரைந்துவிடும். தலைப்புகள் மட்டும் பிழைத்ததற்கு மாஸ்டர் அவற்றை இரண்டு தரம் அழுத்தி எழுதியிருந்ததே காரணம்.

இப்படிப்பட்ட படத்தை நான் என்ன செய்தாலும் பயனில்லை. மங்கலாக இருக்கும் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம், ஏனென்றால் சாம்பல் அங்கே இருக்கிறது. இது வெளுத்த படம். இரண்டையும் பிரித்தறிவது சுலபம்: எழுத்து இருந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இலேசான சாம்பல் நிழல் தென்பட்டால் நம்பிக்கை உண்டு. சுத்த வெள்ளையும் சுத்தக் கறுப்பும் மட்டுமே இருந்தால் படத்தோடு மல்லுக்கட்டாமல் அனுப்பியவருக்குப் போன் போடுவதே நல்லது.

இந்த நோட்டில் இன்னொரு சங்கடமும் இருந்தது. இத்தகைய ஆப்கள் பக்கத்தைச் ‘சுத்தம்’ செய்கிறேன் என்று சின்னச் சின்னத் துணுக்குகளைத் தூசி என்று நினைத்துத் துடைத்துவிடும். தமிழில் அப்படித் துடைக்கப்படுவது மெய்யெழுத்தின் புள்ளி. அதற்காக நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமல்தான் எழுதினார்கள், ஓலை கிழியும் என்று. அதையும் படித்துப் பதிப்பித்திருக்கிறோமே! ‘வெநதயம’ என்று நின்றாலும் அது வெந்தயம்தான், வேறெதுவும் ஆகாது. ஆனால் எண்ணுக்கு நடுவே நிற்கும் தசமப் புள்ளியும் அதே துடைப்பத்தில் போய்விடுகிறது. 300 பேர் சாம்பாருக்கு ‘உப்பு 15’ என்று இருந்தது. ஒன்றரை கிலோ உப்பு பதினைந்து கிலோவாகிவிட்டது!

இதுவாவது சிரித்துவிட்டுத் திருத்தக்கூடிய தப்பு. சிரிப்பு வராத தப்புதான் ஆபத்து. அதே நோட்டில் பாயசத்துக்கு வெல்லம் 6 கிலோவா, 8 கிலோவா என்று தெரியவில்லை. இரண்டும் நடக்கக்கூடிய அளவு. சொற்களுக்கு முன்பின் வார்த்தைகள் துணை நிற்கும். எண்ணுக்கு அப்படி யாரும் சாட்சி சொல்ல வரமாட்டார்கள். அளவு, தேதி, ஆள் பெயர், சர்வே எண் ஆகியவற்றில் ஊகம் கூடாது என்று நான் வைத்திருக்கும் விதி அதனால்தான்.

இனி அவரிடம் நான் கேட்டவை. மறுபடி ஸ்கேன் செய்து அனுப்புங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தால் அதே ஆப்பில் அதே வெள்ளைப் பக்கம் இன்னொரு முறை வந்திருக்கும். ஆகவே முதலில், ஸ்கேனர் ஆப்பே வேண்டாம், போனின் சாதாரண கேமராவில் கலரில் எடுங்கள் என்றேன். எடுத்ததை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொன்னேன். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் வழக்கமாகப் படத்தைச் சுருக்கிவிடும். நீளப் பக்கத்தில் ஏறக்குறைய 1600 புள்ளிகளே மிஞ்சும். ஏ4 உயரத் தாளுக்கு அது அங்குலத்துக்கு 140 புள்ளிகூட ஆகாது. பென்சில் முனை இட்ட அரை மில்லிமீட்டர்ப் புள்ளிக்கு அதில் கிடைப்பது குறுக்கே இரண்டு மூன்று புள்ளி மட்டுமே. அங்குலத்துக்கு 300 என்றால் ஆறு கிடைக்கும். தசமப் புள்ளிக்கும் எண்ணெய்ச் சிதறலுக்கும் வித்தியாசம் தெரிவது அங்கேதான்.

அடுத்தது வெளிச்சம். பென்சில் எழுத்துக்கு ஃப்ளாஷ் எதிரி. பென்சிலின் கரி பளபளப்பான பொருள். நேராக அடிக்கும் ஒளியைத் திருப்பி அனுப்பித் தாளைப் போலவே வெள்ளையாகத் தெரியும். ஃப்ளாஷை அணைத்துவிட்டு, பகல் நேரத்தில் ஜன்னலுக்குப் பக்கத்தில் நோட்டை வைத்து, ஒளி ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழும்படி எடுக்கச் சொன்னேன். சாய்ந்த ஒளியில் இன்னொரு லாபமும் உண்டு. அழுத்தி எழுதியவரின் எழுத்து தாளில் பள்ளமாகப் பதிந்திருக்கும். கரி உதிர்ந்திருந்தாலும் பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து கிடைக்கும். பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால் தாளுக்கு அடியில் கறுப்பு அட்டை ஒன்றைச் செருகவேண்டும். அடியில் இருக்கும் வெள்ளைத் தாள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால்தான் மறுபக்கம் அவ்வளவு தெரிகிறது.

முக்கியமாக, மங்கிய எழுத்தின் மேல் பேனாவால் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லிவைத்தேன். உதவி என்று நினைத்துப் பலர் செய்யும் காரியம் இது. அப்புறம் நாம் படிப்பது அப்பாவின் எழுத்தை அல்ல, மகளின் ஊகத்தை; அதன் அடியில் இருந்ததும் போயிற்று.

இரண்டு நாள் கழித்து 64 படங்கள் வந்தன. ஐம்பது பக்கத்துக்கு மேல் சிரமமில்லாமல் படிக்க முடிந்தது. ‘உப்பு 1.5’ என்று புள்ளியோடு கண்ணில் பட்டபோது எனக்கே ஒரு நிம்மதி. நீல மையில் எழுதி வெளுத்துப்போன நாலைந்து பக்கங்கள் மட்டும் மஞ்சளேறிய தாளில் மறைந்து கிடந்தன. கலர்ப் படம் கேட்டது இதற்காகவும்தான். கலர்ப் படம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அடுக்கு. நீல மை சிவப்பு ஒளியை விழுங்கிவிடும், மஞ்சள் தாள் அதைத் திருப்பி அனுப்பும். எனவே சிவப்பு அடுக்கை மட்டும் பிரித்துப் பார்த்தால் தாள் வெளுத்து எழுத்து கறுக்கும். எண்ணெய்க் கறைகூடப் பாதி அடங்கிவிட்டது.

இதன் பெரியண்ணன் ஒருவன் உண்டு. 1871-இல் ஆப்பிரிக்காவில் தாளும் மையும் தீர்ந்துபோன டேவிட் லிவிங்ஸ்டன், பழைய செய்தித்தாளின் அச்செழுத்துகள் மேலேயே செடிச் சாற்று மையால் நாட்குறிப்பு எழுதினார். அது ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது. ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொரு நிற ஒளியிலும் தனித்தனியாகப் படமெடுத்து, மை தெரிந்து அச்சு மறையும் சேர்க்கையைக் கண்டுபிடித்து 2011-இல் வெளியிட்டார்கள். நம் நோட்டுக்கு அந்த அளவு கருவிகள் தேவைப்படவில்லை.

மீதி ஒன்பது பக்கம். விரலும் எண்ணெயும் பட்டுப் பட்டுக் கரி முழுக்கத் தேய்ந்தவை. எந்தப் படமும் உதவாது. இங்கேதான் அனுப்புகிறவர் படத்தை விட்டுவிட்டு வேறொன்றைத் தரவேண்டும். “நோட்டைக் கையில் வெச்சுக்கிட்டு, வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்து, வாசிச்சு வாய்ஸ்ல அனுப்புங்கம்மா” என்றேன். தாளைச் சாய்த்துப் பிடிக்கும் கை கேமராவைவிடக் கெட்டி. தவிர அப்பாவின் கையெழுத்தோடு வளர்ந்தவர் அவர். நான் மூன்று நாள் யோசித்த ‘க.ப.’வை அவர் யோசிக்காமல் கடலைப்பருப்பு என்று வாசித்தார். எண்களை மட்டும் சொல்லாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன், ஒன்றரை, முக்கால், இரண்டே கால் என்று. காதில் விழும் ‘ஒன்றரை’யில் புள்ளி தொலைய வழியில்லை. பக்க எண்ணையும் வரி எண்ணையும் முதலில் சொல்லவேண்டும். தெரியாத இடத்தில் ‘தெரியல’ என்றே சொல்லவேண்டும், நிரப்பக்கூடாது. தட்டச்சு தெரிந்தவர் என்றால் அதையே வரிக்கு வரி அடித்து, சந்தேகமான இடத்தில் கேள்விக்குறி போட்டு அனுப்பலாம்.

நோட்டுக்கு வெளியேயும் சாட்சி இருந்தது. சமையல் மாஸ்டர்கள் கல்யாண வீட்டாருக்குச் சாமான் லிஸ்ட் எழுதிக் கொடுப்பார்கள், மளிகைக் கடைக்குப் போவது அதுதான். உறவுக்காரர் வீட்டுக் கல்யாண ஆல்பத்துக்குள் அப்படி இரண்டு லிஸ்ட்டுகள் மடித்தபடி கிடைத்தன. பேனாவில் எழுதியவை. அவற்றிலிருந்து மட்டும் தேய்ந்த பக்கங்களின் பதினொரு அளவுகளைச் சரிபார்த்தோம். நோட்டையே கூரியரில் அனுப்பட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். ஒரே பிரதி, போனால் போனதுதான்.

கடைசியில் நின்றது அந்த வெல்லம். லிஸ்ட்டில் பாயசம் இல்லை. அவர் வாசித்தபோதும் ‘ஆறு, இல்ல சார், எட்டு மாதிரியும் இருக்கு’ என்றார். அந்த ஒரு வரியை மட்டும் டார்ச்சைத் தாளோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்து, நாலு பக்கத்திலிருந்தும் எடுத்து அனுப்பச் சொன்னேன். இடப்பக்கத்திலிருந்து ஒளி விழுந்த படத்தில் விடை இருந்தது. ரப்பர் தேய்த்துச் சொரசொரத்த தாளில் எட்டின் பள்ளம். அதன் மேல், சற்றே தள்ளி, ஆறின் கரி. மாஸ்டர் எட்டு எழுதி, அழித்து, ஆறு ஆக்கியிருக்கிறார். மாஸ்டரிடம் உதவியாளராக இருந்தவரை மகள் தேடிப்பிடித்துக் கேட்டாராம். “ஒரு கல்யாணத்துல திகட்டிப்போச்சுன்னு பேச்சு வந்துச்சு பாப்பா, அதுக்கப்புறம் ஆறுதான்” என்றிருக்கிறார் அவர்.

புத்தகத்தில் ஆறு கிலோ என்றே போட்டோம்.