கீழே இழுக்கும் சப்போர்ட்

இரவு பத்தரை மணிக்கு ஒரு நோட்டுப் பக்கத்தின் படம் கைபேசியில் வந்து விழுகிறது. அனுப்பியவள் சிவில் டிப்ளமோ படிக்கும் மாணவி. மறுநாள் மாடல் தேர்வு. படத்துக்குக் கீழே இரண்டு வரி: “ஏ சப்போர்ட்ல மைனஸ் 5 வருதுடி. மூணு தடவை போட்டுப் பார்த்துட்டேன். எங்க தப்பு பண்றேன்?”

கூடப் படிக்கும் தோழி கணக்கைச் சரிபார்த்துவிட்டுப் பதில் எழுதுகிறாள்: “தப்பே இல்ல. மைனஸை அழிச்சுடாத. நீ அம்புக்குறியை மேல பார்த்து வரைஞ்ச, விடை ‘இல்ல, கீழ பார்த்து வரை’ன்னு சொல்லுது. அந்த சப்போர்ட் பீமைத் தாங்கல, இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கு.”

சிவில், மெக்கானிக்கல் மாணவர்கள் பலரை முதல் ஆண்டுகளில் திகைக்க வைக்கும் இடம் இது. சப்போர்ட் என்றால் தாங்குவது என்றுதான் எல்லோருக்கும் பழக்கம். சுவர் கூரையைத் தாங்குகிறது, தூண் உத்தரத்தைத் தாங்குகிறது. தாங்குவதாக நினைத்த ஒன்று கீழ்நோக்கி இழுக்கிறது என்று கணக்கு சொன்னால், தன் கூட்டல் கழித்தலின் மீதுதான் முதலில் சந்தேகம் வரும்.

அந்த நோட்டில் இருந்த கணக்கு எளிமையானது. ஆறு மீட்டர் நீளமுள்ள ஒரு பீம். இடது முனையில் ஏ என்ற சப்போர்ட், அங்கிருந்து நான்கு மீட்டரில் பி. பி-யைத் தாண்டி இரண்டு மீட்டர் பீம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஏ-க்கும் பி-க்கும் நடுவில் 10 கிலோ நியூட்டன் பாரம், நீட்டிய முனையில் 20 கிலோ நியூட்டன் பாரம். ஒரு கிலோ நியூட்டன் என்பது ஏறக்குறைய நூறு கிலோ எடை. ஆக நடுவில் ஒரு டன், நுனியில் இரண்டு டன்.

பாரங்கள் பீமை ஏ-யைச் சுற்றித் திருப்பப் பார்க்கின்றன, பி அதைத் தடுக்கிறது. திருப்பும் வலிமை என்பது விசையைத் தூரத்தால் பெருக்கியது. மாணவர்கள் மொமெண்ட் என்பார்கள். இரண்டு பக்கத்து மொமெண்ட்டும் சமமாக இருந்தால்தான் பீம் அசையாமல் நிற்கும்.

```
4 × R_B = 10 × 2 + 20 × 6 = 140
R_B = 35 kN
R_A = 10 + 20 − 35 = −5 kN
```

மேலே இருப்பது மொத்தம் 30 கிலோ நியூட்டன். பி மட்டுமே 35 தாங்குகிறது. இருக்கிற பாரத்தைவிட அதிகமாக ஒரு சப்போர்ட் எப்படித் தாங்க முடியும்? அந்தக் கூடுதல் ஐந்து ஏ-யிலிருந்து வருகிறது. ஏ பீமைக் கீழே இழுப்பதால், அந்த இழுப்பும் ஒரு பாரமாகி பி-யின் தலையில் இறங்குகிறது. கணக்கில் விழுந்த மைனஸ் குறியின் பொருள் இவ்வளவுதான்.

தோழி இதற்கு ஒரு உதாரணமும் அனுப்பினாள்: “டீக்கடை பெஞ்ச் ஞாபகம் இருக்கா? மூணு பேர் உட்கார்ந்திருப்பாங்க. மத்த ரெண்டு பேரும் எழுந்தா, ஓரத்துல இருக்கறவர் சாஞ்சு விழுவார்.” பெஞ்சின் கால்கள் பலகையின் முனையில் இருப்பதில்லை, சற்று உள்ளே தள்ளி அடித்திருப்பார்கள். காலைத் தாண்டிய ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது, அவருடைய எடை அந்தக் காலைச் சுற்றிப் பலகையைத் திருப்பப் பார்க்கும். மறுபக்கம் ஆள் இருக்கும் வரை எதிர் எடை இருக்கிறது. அவர்கள் எழுந்ததும் தூரத்துக் கால் தரையை விட்டு எழும்புகிறது. அந்தக் காலைத் தரையோடு கட்டிவைத்திருந்தால் பெஞ்ச் கவிழாது. அந்தக் கட்டில் உண்டாகும் இழுவிசைதான் மைனஸில் வரும் ரியாக்ஷன்.

இந்த உதாரணத்துக்குள்ளேயே விடையின் நிபந்தனையும் இருக்கிறது. தரையால் காலைத் தள்ள முடியும், பிடித்து இழுக்க முடியாது. ஏ-யில் பீம் வெறுமனே ஒரு சுவர் மேல் வைக்கப்பட்டிருந்தால், மைனஸ் 5 என்பது அங்கே நடக்கவே முடியாத விடை. பி-யைச் சுற்றிப் பார்த்தால் இது உடனே தெரியும். வலப்பக்கம் 20 ஐ 2-ஆல் பெருக்கி 40, இடப்பக்கம் 10 ஐ 2-ஆல் பெருக்கி 20. நாற்பதை இருபது தடுக்காது, பீம் கவிழும். ஏ-யில் போல்ட்டோ நங்கூரக் கம்பியோ இருந்து பீமைப் பிடித்துக்கொண்டால்தான் மைனஸ் 5 உண்மையாகும்.

சரி, கணக்கில் தவறு செய்து வந்த மைனஸுக்கும் உண்மையான மைனஸுக்கும் வித்தியாசம் தெரிவது எப்படி? ஏற்கெனவே பயன்படுத்தாத ஒரு சமன்பாட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். மாணவி ஏ-யைச் சுற்றி மொமெண்ட் எடுத்திருந்தாள். இப்போது பி-யைச் சுற்றி எடுத்தால், ஏ-யின் விசை நான்கு மடங்கு, கூட்டல் 40, கழித்தல் 20, மொத்தம் பூஜ்யம். ஏ மறுபடியும் மைனஸ் 5. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் குறியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

மாணவர்கள் வழக்கமாக இடறுவது இதற்குப் பிறகுதான். மைனஸைப் பார்த்ததும் படத்தில் அம்பைக் கீழே திருப்பிவிடுகிறார்கள். அடுத்த சமன்பாட்டில் எண்ணையும் மைனஸாகவே போடுகிறார்கள். இரண்டு முறை திருப்பியதில் விசை மறுபடி மேல்நோக்கியதாகிவிடும். ஒன்று, அம்பை மேலே விட்டுக் கடைசி வரை மைனஸ் 5 என்றே எழுத வேண்டும். இல்லையென்றால் அம்பைக் கீழே திருப்பி வெறும் 5 என்று எழுத வேண்டும். இரண்டில் ஒன்றுதான்.

இன்னும் சிலர் மைனஸைப் பிடிக்காமல் அழித்தேவிடுகிறார்கள். அப்படி அழித்தால் என்ன ஆகும் என்று தோழி காட்டிய இடம் அந்தச் செய்தியிலேயே அருமையான பகுதி. ஏ-யில் 5 மேல்நோக்கி என்று வைத்துக்கொண்டு இடமிருந்து நடந்து பி-க்கு வந்தால், அங்கே மொமெண்ட் 5 ஐ 4-ஆல் பெருக்கியதில் 10 ஐ 2-ஆல் பெருக்கியதைக் கழித்துப் பூஜ்யம். அதே பி-க்கு வலமிருந்து வந்தால் 40. ஒரே இடத்தில் இரண்டு விடை இருக்க முடியாது. மைனஸைத் திருப்பிப் போட்டால் இரண்டு பக்கமிருந்தும் 40 வந்து சேரும்.

இது மதிப்பெண் விஷயம் மட்டும் இல்லை. மைனஸை அழித்தவரின் கணக்குப்படி பீமின் நடுவில் அது கீழ்நோக்கித் தொய்யும். ஆகவே அங்கே கம்பியை அடியில் போடச் சொல்வார். உண்மையில் அந்த பீம் நடுவில்கூட மேல்நோக்கித்தான் வளைகிறது. இந்தப் பாரத்துக்கு ஏ-யிலிருந்து சி வரை மேற்புறம் முழுக்க இழுபடும். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பை மிகக் கொஞ்சம்தான் தாங்கும். இழுபடும் பக்கத்தில் முக்கியக் கம்பி இல்லாமல் போனால் மேலே விரிசல் விடும். ஒரு குறியைத் தொலைத்தால் கம்பி இருக்க வேண்டிய பக்கமே மாறிவிடுகிறது.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் இந்த மைனஸ் நாம் தினமும் பார்க்கும் ஒன்றில் ஒளிந்திருக்கிறது: ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடு. அறுபது சென்டிமீட்டர் நீட்டி, சராசரியாக ஏழரை சென்டிமீட்டர் தடிமனில் போட்டால், ஒரு மீட்டர் நீளத்துக்கு அதன் எடை 112 கிலோ. அந்த எடை சுவரின் வெளி விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி இயங்குகிறது. அதைப் பின்னால் இருந்து பிடிக்கும் லிண்டல், ஒன்பது அங்குலச் சுவரில் ஆறு அங்குல உயரம் என்றால், மீட்டருக்கு 86 கிலோ. ஆனால் அதன் எடை விளிம்பிலிருந்து பதினொன்றரை சென்டிமீட்டரில்தான் இருக்கிறது. முன்னால் 3,360, பின்னால் வெறும் 990. லிண்டல் மட்டும் போதாது. அதன் மேல் ஒரு மீட்டர் உயரத்துக்குச் செங்கல் சுவர் எழுந்தால் பின்பக்கத்தில் சுமார் 5,000 கூடுகிறது. அப்போதுதான் சன்ஷேடு நிற்கும்.

அனுபவமுள்ள மேஸ்திரி மேல் சுவர் எழும்பாமல் சன்ஷேடின் முட்டைப் பிரிக்க விடமாட்டார். கான்கிரீட் இறுகிவிட்டது என்பது மட்டும் போதாது. பின்பக்கம் அழுத்திப் பிடிக்கும் எடை வந்தாக வேண்டும். அதற்கு முன்பே முட்டை எடுத்தால், உடையாமலே முழுப் பலகையாக லிண்டலோடு சேர்ந்து கவிழக்கூடும்.

இந்திய கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456, அதன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில், கவிழ்தலுக்குத் தனியாக ஒரு விதி வைத்திருக்கிறது. கவிழ்க்கும் நிலையான எடையை 1.2 மடங்காகவும், ஆள், பொருள் போன்ற வந்துபோகும் பாரத்தை 1.4 மடங்காகவும் கூட்டிக் கணக்கிட வேண்டும். தடுத்துப் பிடிக்கும் நிலையான எடையை 0.9 மடங்காகக் குறைத்துக்கொள்ள வேண்டும். கெடுதல் செய்வதைப் பெரிதாக்கி, உதவி செய்வதைச் சிறிதாக்கும் இந்த முறைக்குக் காரணம் மாணவியின் கணக்கிலேயே இருக்கிறது. நடுவில் இருக்கும் அந்த 10 கிலோ நியூட்டன் ஒரு தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். தொட்டி காலியானால் ஏ-யின் இழுப்பு ஐந்திலிருந்து ஏறக்குறைய பத்தாகிவிடும். பாரம் குறைந்ததால் ஆபத்து இரட்டிப்பாகும் இடம் அது. போல்ட்டைப் பத்துக்குத்தான் வடிவமைக்க வேண்டும், மேலே பாதுகாப்புக்கான மடங்கையும் சேர்த்து.

இந்த இழுப்பை மக்களுக்குக் கண்ணால் காட்டிய ஒரு நிகழ்ச்சி 1887-இல் லண்டனில் நடந்தது. ஸ்காட்லாந்தில் ஃபோர்த் ரயில் பாலம் எழுந்துகொண்டிருந்த சமயம். அதன் பொறியாளர் பெஞ்சமின் பேக்கர், இரண்டு பேரை நாற்காலிகளில் உட்காரவைத்துக் கைகளை விரிக்கச் சொன்னார். நீட்டிய கைகளுக்கு அடியில் குச்சிகள் முட்டுக்கொடுத்தன. இருவருக்கும் நடுவே தொங்கிய இருக்கையில் கைச்சி வாத்தனாபே என்ற ஜப்பானியப் பொறியாளர் உட்கார்ந்தார். அந்த மூவர் படம் இன்றும் பாடப்புத்தகங்களில் வருகிறது. பார்ப்பவர்கள் நடுவில் இருப்பவரையே பார்ப்பார்கள். இரண்டு வெளிப்பக்க ஓரங்களிலும் செங்கல் அடுக்கிக் கட்டியிருப்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. அந்தச் செங்கற்கள் இல்லையென்றால் நாற்காலியில் இருப்பவர்கள் உள்பக்கமாகச் சாய்ந்திருப்பார்கள். மாணவியின் ஏ சப்போர்ட் செய்யும் வேலையை அங்கே செங்கல் செய்தது.

மறுநாள் காலை மாணவியிடமிருந்து இன்னொரு படம் வந்தது. ஏ-யில் அம்பு இப்போது கீழே பார்த்திருந்தது, பக்கத்தில் 5. கூடவே ஒரு கேள்வி: “ஆனா கேள்வித்தாள்ல ஏ-க்கு ரோலர்தானே வரைஞ்சிருக்கு? வட்டம் எப்படி இழுக்கும்?”

“புத்தகத்துல அந்த வட்டம் மேல, கீழ ரெண்டு பக்கமும் பிடிக்கும்னு வச்சுக்கறாங்க. பரீட்சையில மைனஸ் 5, கீழ்நோக்கின்னு எழுது. சைட்ல நிஜ உருளையை வச்சா பீம் எழும்பிடும். அங்க உருளையோட மேல கொக்கி மாதிரி ஒரு பிடிப்பு வேணும். பீம் நீள வாக்குல நகர விடும், எழும்ப விடாது.”

மாணவி வட்டத்தின் மேலே ஒரு சின்னக் கொக்கியைப் பென்சிலால் வரைந்துகொண்டு தேர்வுக்குக் கிளம்பினாள்.