பிரெஞ்சு மூக்குக்கண்ணாடிச் சீட்டை வாசித்தல்

பிரான்சில் கண் மருத்துவர் எழுதித் தரும் மூக்குக்கண்ணாடிச் சீட்டில் இருப்பவை இந்தியக் கண்ணாடிக் கடைகள் பயன்படுத்தும் அதே அளவுகள்தாம். எழுதும் முறை மட்டுமே வேறு. பாரிசில் பெற்ற சீட்டின் கைபேசிப் படத்தைக் கொண்டு புதுச்சேரியில் கண்ணாடி செய்ய முற்படும்போது, அளவுகளை இங்குள்ள முறையில் மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

குறியீடுகள்

OD என்பது வலக்கண், OG என்பது இடக்கண், ODG என்பது இரு கண்களும். இந்தியச் சீட்டுகளில் வலக்கண் RE எனவும் இடக்கண் LE எனவும் எழுதப்படும். VL தூரத்தில் பார்ப்பதற்கான அளவையும், VP வாசிப்பதற்கான அளவையும் குறிக்கும். Add என்பது வாசிப்பதற்காகத் தூரப் பவருடன் கூட்ட வேண்டிய அளவு. பிரெஞ்சு முறையில் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இடப்படுவதால், 1,25 என்பது 1.25 ஆகும்.

மாற்றி எழுதுதல்

அடைப்புக்குறிக்குள் இருப்பது உருளைப் பவர் (CYL). பாகைக் குறியுடன் இருப்பது அச்சு (AXIS). வெளியே எஞ்சி நிற்பது கோளப் பவர் (SPH). சில மருத்துவர்கள் அச்சை முதலில் எழுதுவர்:

```
VL  OD   10° (-0,75) +1,25
    OG  170° (-0,50) +1,50
ODG Add +2,00
```

இதை இவ்வாறு மாற்றி எழுதலாம்:

```
     SPH    CYL   AXIS   ADD
RE  +1.25  -0.75   10   +2.00
LE  +1.50  -0.50  170   +2.00
```

சில சீட்டுகளில் Add இராது. VP வரிசையில் வாசிப்புக்கான முழுப் பவரும் இருக்கும். அதில் வலக்கண்ணுக்கு +3,25 என்றிருந்தால், அதிலிருந்து தூரப் பவரான 1.25-ஐக் கழித்துக் கிடைக்கும் 2.00 தான் ADD கட்டத்துக்கு உரியது. 3.25-ஐ அப்படியே எழுதினால் வாசிப்புப் பவர் 4.50 ஆகிவிடும்.

படத்தால் நேரும் பிழைகள்

மங்கலான படத்தில் பாகைக் குறி பூச்சியம் போலத் தெரியும். அச்சு 180-ஐத் தாண்டாது என்பதால், 170° என்பதை 1700 என்று வாசித்தால் பிழை உடனே புலப்படும். ஆனால் 10° என்பது 100 ஆனால் எவருக்கும் ஐயம் எழாது. அச்சு 90 பாகை விலகிய அந்தக் கண்ணாடியால் வலக்கண்ணின் 0.75 சிதறல் பார்வைக் குறை திருந்தாது. கண்ணாடி அணிந்த நிலையில் அது 1.50 ஆக இரட்டிக்கும்.

அடைப்புக்குறிக்குள் இருக்கும் கழித்தல் குறி தாள் மடிப்பில் மறைந்துபோவதும் உண்டு. உருளைப் பவரைக் கூட்டல் குறியுடன் எழுதும் மருத்துவர்களும் இருப்பதால், குறியை ஊகித்து எழுதக் கூடாது. சீட்டைத் தட்டையாக விரித்து மீண்டும் படம் எடுத்துச் சரிபார்க்க வேண்டும். அதே பவரில் செய்த கண்ணாடி கைவசம் இருந்தால், கடையில் உள்ள லென்சோமீட்டரில் வைத்து ஒப்பிடலாம். இரண்டும் இயலாதபோது கண்ணை மறுபடி சோதிப்பதே வழி. எவ்வாறாயினும், மாற்றி எழுதிய தாளுடன் மூலப் படத்தையும் கடைக்காரரிடம் காட்ட வேண்டும்.