நட்சத்திரத்தோடு ஆண்டையும் பாருங்கள்

கார் விளம்பரங்களில் ஐந்து நட்சத்திரம் பளிச்சென்று தெரியும். அது எந்த ஆண்டின் விதிப்படி கிடைத்தது என்பது தெரியாது. குடும்பத்துக்கு கார் தேடுபவர்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

டாடா நெக்ஸான் 2018-லேயே குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அன்று அதில் இருந்தவை இரண்டு ஏர்பேக்குகள். மதிப்பெண்ணின் பெரும்பகுதி முன்பக்க மோதலிலிருந்து வந்தது. 2022-இல் விதிகள் கடுமையாயின. பக்கவாட்டு மோதல், கம்பத்தில் மோதுவது, ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் எல்லாம் கணக்கில் சேர்ந்தன. 2024-இல் புதிய நெக்ஸான் இந்த விதிகளின்படி மறுபடி ஐந்து நட்சத்திரம் பெற்றது. பெயரும் நட்சத்திரமும் ஒன்றுதான், ஆனால் தாண்டிய தேர்வு வேறு. பழைய கார் வாங்குபவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

2022 டிசம்பரில் மாருதி ஸ்விஃப்டுக்கு புதிய விதிகளில் ஒரே நட்சத்திரம் கிடைத்தது. ஏர்பேக் இரண்டு, கூடு நிலையற்றது என்ற குறிப்பு வேறு. 2024-இல் அதே நிறுவனத்தின் டிசையர் ஆறு ஏர்பேக், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலோடு வந்து பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்து, குழந்தைகள் பாதுகாப்பில் நான்கு நட்சத்திரம் பெற்றது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த இரண்டாவது எண்ணையும் கேட்டே ஆகவேண்டும்.

அறிக்கையில் கூடு நிலையானதா என்ற வரியை நான் ஏர்பேக் எண்ணிக்கைக்கு முன்பே படிப்பேன். இருப்பவர்களின் இடத்தைக் காப்பது கூடு. அது மடங்கிவிட்டால் ஏர்பேக்குக்கு வேலை செய்ய இடமில்லை. ஆறு என்றால் முன்னால் இரண்டு, முன்னிருக்கை ஓரங்களில் இரண்டு, ஜன்னல் மேலிருந்து இறங்கும் திரைபோல் இரண்டு. பின்னிருக்கையில் இருப்பவர்களின் தலையைப் பக்கவாட்டு மோதலில் காப்பது கடைசி இரண்டும்தான். பெல்ட் போடாதவரை ஏர்பேக் முழுமையாகக் காக்காது. அதன் எதிரில் பின்நோக்கிய குழந்தை இருக்கையை வைக்கவே கூடாது.

ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் மோதலைத் தாங்குவதில்லை, தடுக்கப் பார்க்கிறது. மழைச் சாலையில் நாயைத் தவிர்க்கச் சட்டென்று ஸ்டியரிங்கைத் திருப்புகிறீர்கள், பின்பக்கம் வழுக்குகிறது. கார் திரும்பும் கோணமும் ஸ்டியரிங்கின் கோணமும் பொருந்தவில்லை என்று உணர்ந்து, தேவையான சக்கரத்தில் மட்டும் பிரேக்கைப் போட்டு வண்டியை நேராக்கப் பார்க்கும். அளவுக்கு மீறிய வேகத்தில் இதுவும் கைவிட்டுவிடும்.

முன்பக்க மோதல் மதிப்பெண்ணை ஏறக்குறைய ஒரே எடையுள்ள கார்களுக்கு நடுவே மட்டும் ஒப்பிடுங்கள். 64 கிலோமீட்டர் வேகத்தில் நசுங்கும் தடுப்பில் மோதும் அந்தச் சோதனை, உங்களைவிட மிகக் கனமான வண்டி எதிரே வந்தால் என்னாகும் என்று சொல்லாது. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் மதிப்பீடு பெற்ற கார் என்றால் அதன் முடிவுத்தாளை இறக்கி, நீங்கள் வாங்கும் வகை அதில் அடங்குமா என்று சரிபாருங்கள். ஷோரூமில் சாவியைப் போட்டதும், வழுக்கும் காரின் படம் கொண்ட மஞ்சள் விளக்கு ஒருகணம் எரிந்து அணைய வேண்டும். குறைந்த விலை வகையில் அந்த விளக்கே இல்லையென்றால், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் அந்த வகையில் இருக்கிறதா என்று விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.