என் கணக்கு எனக்கே திறக்கலையே! - நாஸ் பெட்டியில் 'அனுமதி இல்லை' வந்தால்...

இரவு ஒன்பதரை மணி. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்த ஹார்டுவேர் கடைக்காரர் லேப்டாப்பைத் திறக்கிறார். மறுநாள் 20-ம் தேதி. மாதாமாதம் ஜி.எஸ்.டி. 3பி தாக்கல் செய்கிறவர்களுக்கு அதுதான் கடைசி நாள். கொள்முதல் பில்களை எடுத்து ஆடிட்டருக்கு அனுப்பிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

பில்கள் எல்லாம் ஹாலில் ரவுட்டர் பக்கத்தில் இருக்கும் 'நாஸ்' பெட்டியில் இருக்கின்றன. வீட்டில் உள்ள எல்லோரும் வைஃபை வழியாகப் பயன்படுத்துகிற பொதுவான ஹார்டு டிஸ்க் அது. அதில் kanakku என்ற ஃபோல்டரைத் தட்டினால், பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் கட்டம் வருகிறது. அடியில் Access is denied என்று சிவப்பு எழுத்து. சரியான பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தாலும் கதவு திறக்கவில்லை.

"என்னம்மா இது, என் கணக்கு எனக்கே திறக்க மாட்டேங்குது?"

"நான் ஒண்ணும் பண்ணலைப்பா. சாயங்காலம் உங்க லேப்டாப்ல என் காலேஜ் புராஜெக்டை மட்டும்தான் எடுத்தேன்."

மகள் சொன்னது உண்மை. அவர் எதையும் கெடுக்கவில்லை. ஆனால், சிக்கல் தொடங்கியது அங்கேதான்.

பெட்டிக்கு ஆளைத் தெரியாது

லேப்டாப் முன்னால் அப்பா உட்கார்ந்திருக்கிறாரா, மகள் உட்கார்ந்திருக்கிறாரா என்று நாஸுக்குத் தெரியாது. அதனிடம் தனியாக ஒரு பெயர்ப் பட்டியல் உண்டு. இந்த வீட்டுப் பட்டியலில் appa, magal என்று இரண்டு பெயர்கள். kanakku ஃபோல்டர் appa-வுக்கு மட்டும் திறக்கும். லேப்டாப்பில் நாம் வைத்திருக்கும் விண்டோஸ் கணக்கு வேறு, நாஸ் பட்டியலில் உள்ள பெயர் வேறு. இரண்டையும் யாராவது ஜோடி சேர்த்து வைத்தால்தான் ஒன்றுக்கு ஒன்று தெரியும்.

தினமும் காலையில் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்துத் திறப்பது அப்பாவின் வழக்கம். அவர் எதையும் சேமித்து வைக்கவில்லை. அன்று மாலை மகள் நாஸைத் திறந்தபோது தன் பெயரை அடித்ததோடு, Remember my credentials என்ற கட்டத்திலும் டிக் செய்துவிட்டார். அன்றிலிருந்து அந்த லேப்டாப் நாஸிடம் போய் நிற்கும்போதெல்லாம், "வந்திருப்பது magal" என்றே சொல்கிறது. கணக்கு ஃபோல்டரில் மகளுக்கு இடமில்லை என்பதால் பெட்டி மறுக்கிறது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

சரி, அப்பா தன் பெயரை அடித்த பிறகும் ஏன் திறக்கவில்லை? ஒரு விண்டோஸ் கணக்கிலிருந்து ஒரே நாஸுக்கு, ஒரே நேரத்தில் இரண்டு பெயர்களில் போக விண்டோஸ் விடாது. மகள் பெயரில் இணைப்பு நிற்கும்வரை அப்பாவின் பெயர் உள்ளே போகாது. Multiple connections என்று தொடங்கும் எச்சரிக்கை வந்தால் காரணம் இதுதான். லேப்டாப்பை அணைத்துப் போட்டாலும் தீராது. பெயர் சேமிக்கப்பட்டிருப்பதால், மறுபடியும் மகளே போய் நிற்பார்.

கோளாறு எந்தப் பக்கம்?

இதைக் கண்டுபிடிக்க கையில் இருக்கும் போனே போதும். நாஸைத் திறக்கக்கூடிய ஃபைல் ஆப்பில் அப்பாவின் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்துப் பாருங்கள். கணக்கு ஃபோல்டர் போனில் திறந்தால் நாஸ் சரியாக இருக்கிறது, லேப்டாப்பில்தான் கோளாறு. போனிலும் பெயரை ஏற்றுக்கொண்டு ஃபோல்டரை மட்டும் மறுத்தால், நாஸில் அனுமதி தரப்படவில்லை என்று அர்த்தம்.

இந்த வீட்டில் போனில் திறந்தது. ஆகவே வேலை லேப்டாப்பில்.

ஜோடி சேர்ப்பது எப்படி?

முதலில், திறந்திருக்கும் ஃபைல்களைச் சேமித்து மூடிவிடுங்கள். விண்டோஸ் தேடல் கட்டத்தில் Credential Manager என்று அடித்துத் திறந்து, Windows Credentials என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே நாஸின் பெயர் இருக்கும். இந்த வீட்டில் அது VEEDUNAS. அதைத் தட்டினால் யாருடைய பெயர் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று தெரியும். magal என்று இருந்ததை Remove கொடுத்து நீக்கினார்கள்.

அடுத்து, Add a Windows credential என்பதைத் தட்டினால் மூன்று கட்டங்கள் வரும். மேலே இரண்டில் இப்படி நிரப்பினார்கள்:

```
VEEDUNAS
VEEDUNAS\appa
```

மூன்றாவதில், நாஸில் அப்பாவுக்கு வைத்த பாஸ்வேர்டு. லேப்டாப்பைத் திறக்க அடிக்கும் நான்கு இலக்க பின் நம்பர் இங்கே செல்லாது; பலரும் தடுக்கி விழுகிற இடம் இது. பெயருக்கு முன்னால் VEEDUNAS என்று சேர்த்ததற்கும் காரணம் உண்டு. "இது லேப்டாப்பில் உள்ள ஆள் இல்லை, நாஸ் பட்டியலில் உள்ள appa" என்று அது தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

பிறகு ஒருமுறை ரீஸ்டார்ட். பழைய இணைப்பு அறுந்து, லேப்டாப் அப்பாவின் பெயரில் போய் நின்றது. கணக்கு ஃபோல்டர் திறந்தது. பத்தேகாலுக்கு பில்கள் ஆடிட்டருக்குப் போய்விட்டன.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். நாஸை ஒருநாள் பெயரிலும், இன்னொரு நாள் 192.168 என்று தொடங்கும் எண்ணிலும் திறந்தால் விண்டோஸ் அவற்றை இரண்டு தனித்தனிப் பெட்டிகளாகவே நினைக்கும். பெயருக்குச் சேமித்தது எண்ணுக்கு உதவாது. எப்போதும் ஒன்றையே பயன்படுத்துங்கள். நாஸில் பாஸ்வேர்டை மாற்றினால், இங்கே சேமித்ததையும் மாற்ற மறக்காதீர்கள்.

போனிலும் திறக்கவில்லையா?

அப்படியானால் நாஸின் நிர்வாகப் பக்கத்துக்குப் போய், அந்தப் பெயருக்கு ஃபோல்டரில் படிக்கவும் எழுதவும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் திறக்காவிட்டால், அவர் எந்தக் குழுவில் இருக்கிறார் என்று பாருங்கள். அப்பாவுக்குத் தனியாக அனுமதி கொடுத்துவிட்டு, அவர் இருக்கும் 'வீடு' என்ற குழுவுக்கு அனுமதி மறுத்திருந்தால், பெரும்பாலான நாஸ்களில் மறுப்புதான் ஜெயிக்கும். குழுவுக்கு மறுப்பு போடுவதற்குப் பதிலாக, எதுவும் குறிக்காமல் காலியாக விட்டுவிடுவதே சரி.

"எதுக்கு வம்பு, எல்லா ஃபோல்டரையும் எல்லாருக்கும் திறந்து விட்டுடலாமே" என்று தோன்றும். அன்று இரவு அப்பாவும் அதைத்தான் கேட்டார். ஆனால், வீட்டில் ஏதோ ஒரு லேப்டாப்பில் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் புகுந்தால், அந்த லேப்டாப் எழுதக்கூடிய எல்லா ஃபோல்டர்களையும் அது பூட்டும். மகளின் லேப்டாப்புக்கு அனுமதி இல்லாதவரை, அதில் வரும் வைரஸ் கணக்கு ஃபோல்டரைத் தொட முடியாது.

மறுபடி வராமல் இருக்க

ஒரே விண்டோஸ் கணக்கை இரண்டு பேர் பயன்படுத்தினால் இதே சிக்கல் திரும்ப வரும். அதனால் அப்பாவின் லேப்டாப்பில் Settings, Accounts, Other users என்று போய் மகளுக்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கினார்கள். சேமித்த பெயர்கள் அந்தந்த விண்டோஸ் கணக்கோடு நின்றுவிடும். மகள் தன் கணக்கில் நுழைந்து ஒருமுறை magal என்று சேமித்தால் போதும். அவர் உள்ளே வந்தால் நாஸ் மகளைப் பார்க்கும். அப்பா வந்தால் அப்பாவைப் பார்க்கும்.

"இனிமே உங்க லேப்டாப்பைத் தொடலாமாப்பா?" என்றார் மகள்.

"தாராளமா தொடும்மா. உன் பேர்ல உள்ளே போ, அவ்வளவுதான்!"