பூனைக்குட்டிக்கு எத்தனை வாரம்?

பிறந்த பூனைக்குட்டியின் கண்கள் மூடியிருக்கும். காதுகள் தலையோடு ஒட்டி மடிந்திருக்கும். வயிற்றில் காய்ந்த தொப்புள்கொடி ஒட்டியிருந்தால், பிறந்து சில நாட்களே ஆகியிருக்கும். கண்கள் 7 முதல் 14 நாட்களுக்குள் மெல்லத் திறக்கின்றன. படத்தில் கீற்றுப்போல் திறந்த கண்ணும் மடிந்த காதும் சேர்ந்து தெரிந்தால் அது ஒன்றரை வாரக் குட்டி என்று கொள்ளலாம். மூன்றாம் வாரத்தில் காதுகள் நிமிர்கின்றன.

கண்ணை மட்டும் நம்புவது ஆபத்து. கிருமித்தொற்றால் பீளை கட்டி இமைகள் ஒட்டிக்கொண்டால், ஒரு மாதக் குட்டியும் பிறந்த குட்டிபோல் தோன்றும். காது நிமிர்ந்திருந்தும் கண் மூடியிருந்தால் அது வயதின் அடையாளம் அல்ல, நோயின் அடையாளம். உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். கண்ணின் நீலமும் 6, 7 வாரம் வரை மாறாது என்பதால் அதற்கு முன் வயதைப் பிரித்துச் சொல்ல அது உதவாது.

மூன்றாம் வாரத்துக்குப் பின் நம்பத் தகுந்த சாட்சி பல்தான். முதலில், ஏறக்குறைய 3 வாரத்தில், முன்வரிசையில் அரிசி நொய் அளவில் வெட்டுப்பற்கள் முளைக்கும். அடுத்து, 4 வாரத்தை ஒட்டி, கூரிய கோரைப்பற்கள். அவற்றுக்குப் பின்னால் உள்ள கடைவாய்ப் பால்பற்கள் 4 முதல் 6 வாரத்துக்குள் வெளிவரும். 8 வாரத்தில் பால்பற்கள் 26 நிறைந்துவிடும். எனவே படம் எடுப்பவர் உதட்டை ஓரமாக மெல்லத் தூக்கி, பக்கவாட்டிலும் ஒன்று எடுக்க வேண்டும்.

ரோமம் துணைச் சாட்சி மட்டுமே. முதல் இரு வாரங்களில் அது உடலோடு படிந்திருக்கும். நான்காம் வாரத்தை ஒட்டிச் சிலிர்த்துப் பஞ்சுபோல் புசுபுசுவெனத் தெரியும். ஆனால் நனைந்த குட்டியிலும் மெலிந்த குட்டியிலும் இது ஏமாற்றும். நீண்ட முடி இனங்களில் கணக்கே மாறும்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். உள்ளங்கையில் அடங்கும் குட்டி, படிந்த ரோமம், துருத்திய இடுப்பெலும்பு. பார்த்தவுடன் 4 வாரம் என்று தோன்றும். ஆனால் காதுகள் முகத்துக்குப் பெரியவை. கண்ணின் நீலத்தில் பச்சை கலக்கத் தொடங்கியிருக்கிறது. உதட்டைத் தூக்கிய படத்தில் கடைவாய்ப் பற்கள் முழுதாய் நிற்கின்றன. இது 7, 8 வாரக் குட்டி. பட்டினியால் வளர்ச்சி குன்றியிருக்கிறது. இதன் எடை 900 கிராமை ஒட்டி இருந்திருக்க வேண்டும். அளவை மட்டும் பார்த்தால் இதற்குப் புட்டிப்பால்தான் தரத் தோன்றும். உண்மையில் இதற்கு வேண்டியது மென்மையான திட உணவு. குட்டிகளுக்கான ஈர உணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை வைக்க வேண்டும்.

கண், காது, பல் மூன்றும் தெளிவாகத் தெரிந்தாலும் படத்தைப் பார்த்துச் சொல்லும் வயதில் ஒரு வாரம் முன்பின் இருக்கும். பல் தெரியாத படத்தில் அந்த வித்தியாசம் இன்னும் பெரிது.